சராசரி விலையில் தீர்க்கப்படும் ஏசியன் ஆப்ஷன் ஏன் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கிறது?

கேள்வி: எங்கள் நிறுவனம் மாதந்தோறும் எரிபொருள் வாங்குகிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் காப்பாக இருக்கட்டும் என்று ஓராண்டுக் கால் ஆப்ஷனுக்கு வங்கியில் விலை கேட்டோம். ஸ்ட்ரைக், அதாவது விலை எதைத் தாண்டினால் பணம் கிடைக்குமோ அந்த எல்லை, 80 டாலர். சாதாரண ஆப்ஷன் பேரலுக்கு 9.50 டாலராம், 12 மாதச் சராசரி விலையில் தீர்க்கும் ஏசியன் ஆப்ஷன் 5.90 டாலராம். அதே எண்ணெய், அதே ஸ்ட்ரைக், அதே காலம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதில் எங்காவது இடிக்குமா?

பதில்:

5.90 டாலர் ஏறக்குறைய நியாயமான விலைதான். ஆனால் அதை 9.50 டாலருடன் வைத்துப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு அல்ல. இரண்டும் இரு வேறு எண்களின் மீது எழுதப்பட்ட ஒப்பந்தங்கள்: ஒன்று ஆண்டின் கடைசி நாளில் எண்ணெய் என்ன விலையில் இருக்கும் என்பதன் மீது எழுதப்பட்டது, மற்றொன்று 12 மாத விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் என்ன வரும் என்பதன் மீது எழுதப்பட்டது. ஓர் ஆப்ஷனை வாங்கக் கொடுக்கும் விலையான பிரீமியத்தைத் தீர்மானிப்பது, அது எந்த எண்ணின் மீது தீர்க்கப்படுகிறதோ அந்த எண் முதிர்வு நாளில் எவ்வளவு தூரம் சிதறி நிற்கக்கூடும் என்பதாகும். கடைசி நாள் விலையைவிடச் சராசரி விலை குறைவாகவே சிதறும் என்பதால் அதன் மீதான ஆப்ஷன் குறைந்த விலையில் கிடைக்கிறது. எவ்வளவு குறைவாகச் சிதறும் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு எளிதாக இருப்பதற்காகச் சில அனுமானங்களை வைத்துக்கொள்கிறேன். எல்லா மாதங்களுக்கும் ஃபியூச்சர்ஸ் விலை, அதாவது வருங்காலத் தேதிக்கு இன்றே பேசப்படும் விலை, 80 டாலர் என்றும், ஆண்டு வாலட்டிலிட்டி, அதாவது விலை ஆடும் அளவு, 30 சதவீதம் என்றும் கொள்வோம், வட்டியை ஒதுக்கிவைப்போம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு விலை குறிக்கப்பட்டு, அவ்வாறு 12 விலைகள் சேர்ந்து சராசரி கிடைக்கிறது. உங்கள் வங்கி சொன்ன இரு விலைகளும் இந்த அனுமானங்களோடு நன்றாகவே பொருந்துகின்றன.

விலையின் ஓராண்டுப் பயணத்தைப் பன்னிரண்டு தனித்தனி அதிர்வுகளாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மாதத்தில் ஏதோ ஒரு செய்தி வந்து விலை 4 டாலர் ஏறுகிறது என்றால், அந்த ஏற்றம் முதல் மாத விலையிலும் இருக்கும், அதற்குப் பின் வரும் பதினொரு மாத விலைகளிலும் இருக்கும். ஆகவே அது சராசரியில் முழுதாக, 12-க்கு 12 என்ற எடையில், இடம்பெறுகிறது. இரண்டாம் மாதத்தில் வரும் அதிர்வு முதல் மாத விலையைத் தொடாது. அதன் எடை 12-க்கு 11. இப்படியே குறைந்துகொண்டு வந்து, பன்னிரண்டாம் மாதத்து அதிர்வு ஒரே ஒரு விலையை மட்டும் தொடுவதால், சராசரியில் அதன் எடை 12-க்கு 1 என்று சுருங்கிவிடுகிறது. கடைசி நாள் விலைக்கோ இந்தப் பாகுபாடு கிடையாது. எந்த மாதத்து அதிர்வும் அதில் முழு எடையோடு சேர்ந்துவிடும்.

தனித்தனியான அதிர்வுகள் ஒன்றுசேரும்போது அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். சாதாரண ஆப்ஷனில் பன்னிரண்டு ஒன்றுகள் சேர்ந்து 12 ஆகிறது. ஏசியன் ஆப்ஷனில் 1 முதல் 12 வரையிலான எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 650. எடைகள் எல்லாம் பன்னிரண்டில் பின்னங்கள் என்பதால் அதை 144-ஆல் வகுக்க, 4.51 வருகிறது. 4.51-ஐ 12-ஆல் வகுத்தால் 0.376. அதன் வர்க்கமூலம் 0.613. அதாவது, எண்ணெய் விலை 30 சதவீத வாலட்டிலிட்டியில் ஆடும்போது, அதே ஆண்டின் சராசரி விலை 30-ஐ 0.613-ஆல் பெருக்கக் கிடைக்கும் 18.4 சதவீதத்தில்தான் ஆடுகிறது. சராசரிக்கு எத்தனை விலைகள் எடுக்கப்பட்டாலும் இதே கணக்குச் செல்லும்; சம இடைவெளியில் n விலைகள் என்றால் குறையும் விகிதம் இது:

```
sqrt((n+1)*(2*n+1)/(6*n*n))
```

ஒவ்வொரு நாளும் விலை குறிக்கப்பட்டால் n மிகப் பெரிதாகி, இந்த விகிதம் மூன்றின் வர்க்கமூலத்தில் ஒரு பங்கை, அதாவது 0.577-ஐ, நெருங்கும். பாடநூல்களில் வரும் புகழ்பெற்ற "மூன்றின் வர்க்கமூலம்" இங்கிருந்து வருவதுதான்.

ஸ்ட்ரைக்கும் ஃபியூச்சர்ஸ் விலையும் ஒன்றாக இருக்கும் ஆப்ஷனின் பிரீமியத்தை, 0.4-ஐ விலையாலும் வாலட்டிலிட்டியாலும் காலத்தின் வர்க்கமூலத்தாலும் பெருக்கி மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சாதாரண ஆப்ஷனுக்கு 0.4 × 80 × 0.30 = 9.60, துல்லியமாகக் கணக்கிட்டால் 9.54. ஏசியனுக்கு 0.4 × 80 × 0.184 = 5.89. உங்கள் வங்கி சொன்ன எண்கள் இவைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசியப் பங்குச்சந்தைகளுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. 1987-இல் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியைச் சேர்ந்த மார்க் ஸ்டாண்டிஷ், டேவிட் ஸ்பாட்டன் இருவரும் கச்சா எண்ணெயின் சராசரி விலையோடு இணைந்த ஆப்ஷனுக்கு விலையிடும் முறையை உருவாக்கியபோது டோக்கியோவில் இருந்தார்கள். அதனால் இந்தப் பெயரை வைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. இந்த வகை எண்ணெயில் பிறந்தது தற்செயல் அல்ல. எண்ணெய் வணிகத்தில் ஒப்பந்த விலைகளே பெரும்பாலும் ஒரு மாதத்து அன்றாட விலைகளின் சராசரியாகத்தான் எழுதப்படுகின்றன. லண்டன் உலோகச் சந்தையிலும் மாதச் சராசரியில் தீர்க்கப்படும் ஆப்ஷன்கள் உண்டு.

இனி, "சராசரி" என்ற சொல்லே விலையைக் குறைத்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கில் விற்கப்படும் அமெரிக்கக் கச்சா எண்ணெய்ச் சராசரி விலை ஆப்ஷன், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அண்மை மாத ஃபியூச்சர்ஸின் அன்றாடத் தீர்வு விலைகளுடைய சராசரியில் தீர்க்கப்படுகிறது. இப்படிப்பட்ட டிசம்பர் மாத ஆப்ஷனை அதற்கு முந்தைய டிசம்பர் கடைசியிலேயே வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பதினொரு மாதங்களில் சராசரி எதுவும் எடுக்கப்படவில்லை. அந்தக் காலத்து அதிர்வுகள் முழு எடையோடு சேர்கின்றன. கடைசி ஒரு மாதத்து அதிர்வுகளின் வர்க்கக் கூட்டு மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கணக்கிட்டால் வாலட்டிலிட்டி 30-இலிருந்து 29.2 சதவீதத்துக்குத்தான் இறங்குகிறது, பிரீமியம் 9.54-இலிருந்து 9.27 ஆகிறது. மூன்று சதவீதம்கூட முழுதாகக் குறையவில்லை. இதுவும் ஏசியன் ஆப்ஷன்தான். ஆகவே ஆப்ஷனின் ஆயுளில் எவ்வளவு பகுதி சராசரிக்குள் வருகிறது என்பதுதான் பிரீமியம் குறையும் அளவைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தத் தாளில் முதலில் தேட வேண்டியது சராசரி தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும்.

இப்போது சரியான ஒப்பீட்டுக்கு வருகிறேன். நீங்கள் மாதந்தோறும் எண்ணெய் வாங்குபவர்கள். ஆண்டின் கடைசி நாள் விலைக்கு மட்டும் காப்பு எடுத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் கொள்முதலுக்கு ஈடான சாதாரணக் காப்பு எதுவென்றால், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முதிரும் பன்னிரண்டு சிறு கால் ஆப்ஷன்களின் வரிசை. அவற்றில் முதல் மாத ஆப்ஷனுக்கு ஆயுள் ஒரு மாதம்தான், கடைசி ஆப்ஷனுக்குத்தான் முழு ஓராண்டு. எனவே அவற்றின் சராசரி பிரீமியம் பேரலுக்கு 6.70 டாலர் அளவில் வரும். 9.50-இலிருந்து 6.70-க்கு இறங்குவது ஏசியன் ஆப்ஷனின் சிறப்பால் அல்ல. ஆண்டு முழுவதும் பரவிய கொள்முதலுக்கு, சராசரியில் பாதி ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்கே காப்பு தேவைப்படுகிறது என்பதால். ஏசியன் ஆப்ஷன் உண்மையில் மிச்சப்படுத்துவது 6.70-க்கும் 5.90-க்கும் இடையிலான 80 சென்ட் மட்டுமே. அதாவது 38 சதவீத மலிவு என்று தோன்றுவது, ஒத்த பொருளோடு ஒப்பிட்டால் 12 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த 80 சென்ட் எங்கிருந்து வருகிறது? இரண்டு மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் விலை 100, மறு மாதம் 60. மாதத்துக்கொன்றாக வைத்திருந்தால் முதல் ஆப்ஷன் 20 டாலர் தரும், இரண்டாவது வெறுமனே காலாவதியாகும். மலிவான மாதத்தின் ஆதாயம் உங்கள் கையிலேயே இருக்க, விலையேறிய மாதத்தின் இழப்பு மட்டும் ஈடுசெய்யப்படுகிறது. ஏசியன் ஆப்ஷனில் சராசரி 80, ஸ்ட்ரைக்கும் 80, கிடைப்பது ஒன்றுமில்லை. நல்ல மாதம் கெட்ட மாதத்துக்கு ஈடாகக் கழிக்கப்பட்டுவிடுகிறது. எல்லா மாதங்களும் ஸ்ட்ரைக்குக்கு மேலேயோ கீழேயோ ஒரே பக்கம் இருந்தால் இரண்டும் சமமாகத் தரும். பக்கம் மாறினால் வரிசைதான் கூடுதலாகத் தரும். ஏசியன் கூடுதலாகத் தரும் நிலைமை ஒன்றுகூட இல்லை என்பதால், எந்த வாலட்டிலிட்டியை வைத்தாலும், எந்த மாதிரியைக் கொண்டு கணக்கிட்டாலும், ஒரே ஸ்ட்ரைக்கில் ஏசியன் ஆப்ஷன் அந்த வரிசையைவிட விலை கூடாது. வாலட்டிலிட்டி பற்றிய யூகம் எதுவும் தேவைப்படாத இந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், 0.613 என்ற எண்ணோ ஒரு மாதிரியின் விளைவுதான்.

ஆண்டு மொத்த எரிபொருள் செலவு மட்டுமே உங்கள் கவலையென்றால், இந்தக் கழிவால் உங்களுக்கு நட்டம் இல்லை. பத்து மாதம் விலை 78-இல் நின்று, கடைசி இரண்டு மாதம் 110-க்குத் தாவியது என்று வையுங்கள். சராசரி 83.33, ஏசியன் ஆப்ஷன் பேரலுக்கு 3.33 டாலர் தருகிறது. மாதந்தோறும் ஒரே அளவு வாங்கியிருந்தால் நீங்கள் 80-க்கு மேல் செலவழித்ததும் சரியாக அந்த 3.33 தான். மாத வரிசை 5 டாலர் தந்திருக்கும், ஓராண்டுச் சாதாரண ஆப்ஷன் 30 டாலர் தந்திருக்கும். ஆனால் அந்த 30 டாலர் உங்கள் இழப்போடு தொடர்பில்லாத பரிசு. விலை கடைசி நாளில் 70-க்குச் சரிந்திருந்தால் அதே ஆப்ஷன், ஆண்டு முழுவதும் நீங்கள் எவ்வளவு கூடுதலாகச் செலவழித்திருந்தாலும், ஒரு சென்ட்கூடத் தந்திருக்காது.

இடிக்கக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஒரே அளவில் வாங்குகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் பயன்பாட்டில் பாதி அந்தக் கடைசி இரண்டு மாதங்களில் விழுகிறது என்றால், உங்கள் உண்மையான சராசரி விலை 94 டாலர். இழப்பு 14 டாலர். கிடைத்த ஈடு 3.33 டாலர். வங்கி தவறு செய்யவில்லை, சூத்திரமும் தவறவில்லை. ஒப்பந்தத்தின் சராசரியும் உங்கள் கொள்முதலின் சராசரியும் வேறாக இருந்துவிட்டன. கடந்த சில ஆண்டுகளின் மாதவாரிக் கொள்முதல் அளவை எடுத்துக்கொடுத்து, அதே எடைகளில் சராசரி எடுக்கும்படி கேட்டால் வங்கிகள் எழுதித் தருகின்றன. கடைசி மாதங்களுக்கு எடை கூடினால் மேலே பார்த்த அதிர்வுகளின் எடையும் கூடும், பிரீமியம் 5.90-இலிருந்து ஏறும். அந்த ஏற்றத்தைக் கொடுப்பது நல்லது.

விற்பவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரண ஆப்ஷனை விற்ற வங்கிக்குக் கடைசி நாள்தான் கண்டம். விலை ஸ்ட்ரைக்குக்கு அருகில் நின்றால், காலையில் முழு அளவு எண்ணெய் கையில் வைத்திருக்க வேண்டும், மாலையில் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்ற நிலை வரும். ஏசியன் ஆப்ஷனில் பத்து விலைகள் குறிக்கப்பட்ட பிறகு மீதியிருப்பது பன்னிரண்டில் இரண்டு பங்கு மட்டுமே. வங்கி கையில் வைத்திருக்க வேண்டிய அளவு அதற்கு மேல் போகவே முடியாது. ஒரு நாள் விலையை யாரோ வலிந்து தள்ளினாலும் சராசரி பெரிதாக அசையாது. இவற்றால் வங்கி தன் செலவுக்காகவும் ஆபத்துக்காகவும் சேர்க்கும் கூடுதல் தொகை குறையலாம். ஆனால் அது சில சென்ட்களின் விவகாரம், 3.60 டாலர் வித்தியாசத்தை அது விளக்காது. நம் ஊரில் நிஃப்டி ஆப்ஷன் விற்பவர்கள் இதன் சிறு வடிவத்தை அறிவார்கள். குறியீட்டின் முடிவு விலை, கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியிலிருந்து எடுக்கப்படுவதே நீண்ட கால நடைமுறையாக இருந்துவந்தது என்பதால், எக்ஸ்பைரி நாளின் கடைசி அரை மணியில் அந்தச் சாதாரண ஆப்ஷன் ஒரு குட்டி ஏசியன் ஆப்ஷனாகவே நடந்துகொள்ளும். திரையில் குறியீடு பத்துப் புள்ளி தாவினாலும் தீர்வு விலை அவ்வளவு தாவாது.

ஒப்பந்தம் பாதி வழியில் இருக்கும்போது அதன் மதிப்பைக் கணக்கிடுவதில்தான் நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. ஆறு மாதம் கழிந்துவிட்டது, இதுவரையிலான சராசரி 90, இன்றைய விலை 80 என்று கொள்வோம். விலை ஸ்ட்ரைக்கிலேயே நிற்கிறது, எனவே வாலட்டிலிட்டியை 18.4 என்று போட்டு ஆறு மாதத்துக்குக் கணக்கிடலாம் என்று தோன்றும், அது தவறு. மொத்தம் 12 × 80 = 960 வேண்டும்; 6 × 90 = 540 ஏற்கெனவே வந்துவிட்டது; மீதி ஆறு விலைகள் 420-ஐத் தாண்டினால் போதும், அதாவது அவற்றின் சராசரி 70-ஐத் தாண்டினால் போதும். ஆகவே இப்போது உங்களிடம் இருப்பது, பாதி அளவுக்கு, 70 டாலர் ஸ்ட்ரைக்கில், ஆறு மாத ஏசியன் ஆப்ஷன். அதன் மதிப்பு பேரலுக்கு 5 டாலருக்குக் குறையாது. இதே தர்க்கத்தில், இதுவரையிலான சராசரி மிக உயர்ந்துவிட்டால் மீதிக் காலத்துக்கான ஸ்ட்ரைக் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடலாம்; அப்போது அது ஆப்ஷனே அல்ல, நிச்சயமாகப் பணம் வரப்போகும் ஃபார்வர்ட் ஒப்பந்தம்.

சராசரியின் மீதான ஆப்ஷன் எப்போதும் மலிவு என்ற வாக்கியமும் முழு உண்மை அல்ல. இதுவரை எல்லா மாதங்களின் ஃபியூச்சர்ஸ் விலையும் 80 என்று வைத்திருந்தேன். எண்ணெய்ச் சந்தையில் அண்மை மாதம் விலை கூடியும் தூர மாதங்கள் குறைந்தும் இருப்பது அடிக்கடி நிகழும். இன்று 80, பன்னிரண்டாம் மாதத்துக்கு 70, நடுவில் சீரான சரிவு என்றால், கடைசி நாளுக்கான எதிர்பார்ப்பு 70, ஆனால் சராசரிக்கான எதிர்பார்ப்பு 74.58. இப்போது 60 டாலர் ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷன் கேட்டால், சாதாரண ஆப்ஷன் 13.75 டாலர் அளவில் வரும். ஏசியனோ குறைந்தது 14.58 டாலர், அதற்கு மேலும் சிறிது. குறைவாகச் சிதறுவதால் கிடைத்த சேமிப்பை, நடுப்புள்ளி உயர்ந்து நிற்பது விழுங்கிவிடுகிறது. ஸ்ட்ரைக் 75 என்றால் ஏசியன் மறுபடியும் மலிவாகிறது. தூர மாத விலைகள் ஏறுமுகமாக இருக்கும் சந்தையில், விலை இறங்கினால் பணம் தரும் புட் ஆப்ஷனுக்கு இதே போன்ற தலைகீழ் நிலை வரும்.

கடைசியாக, வங்கி சொல்லும் எண்ணைச் சரிபார்ப்பது பற்றி. பன்னிரண்டு விலைகளின் கூட்டுச் சராசரி மீதான ஆப்ஷனுக்குப் பிளாக்-ஷோல்ஸ் போன்ற ஒற்றை வரிச் சூத்திரம் கிடையாது. அந்தச் சூத்திரம் விலைகளின் பெருக்கலுக்கு ஒத்துவரும், கூட்டலுக்கு ஒத்துவராது. பன்னிரண்டு விலைகளையும் பெருக்கிப் பன்னிரண்டாம் மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி மீதான ஆப்ஷனுக்குச் சூத்திரம் உண்டு. கெம்னா, வோர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-இல் செய்தது, அந்தச் சூத்திரத்தை ஒரு துணையாக வைத்துக்கொண்டு, கூட்டுச் சராசரிக்கான விலையைக் கணினியில் ஆயிரக்கணக்கான விலைப் பாதைகளை ஓட்டிக் கண்டுபிடிப்பது; இரண்டு சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே அசைவதால் ஓட்டத்தின் பிழை மிகவும் குறைந்துவிடுகிறது. பெருக்குச் சராசரி கூட்டுச் சராசரியை ஒருபோதும் தாண்டாது என்பதால் அதன் மீதான கால் ஆப்ஷன் எப்போதும் சற்று மலிவாக இருக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 5.55 டாலர். ஒப்பந்தத்தில் கூட்டுச் சராசரி என்று எழுதியிருக்க, உங்கள் மென்பொருள் 5.55 என்று காட்டினால், உள்ளே தவறான சூத்திரம் ஓடுகிறது என்று கொள்ளலாம். வங்கியிடம் திரும்பப் போகும்போது, அதே நாளில், அதே ஸ்ட்ரைக்கில், மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு சாதாரண ஆப்ஷன்களின் வரிசைக்கும் விலை கேளுங்கள். அது 6.70-க்கு அருகில் வந்து, அதே சம எடைகளில் அமைந்த ஏசியன் அதைவிட 80 சென்ட்டுக்கு அருகில் குறைவாக வந்தால், விலையில் குறைசொல்ல இடமில்லை. வரிசைக்கும் ஏசியனுக்கும் இடையில் சில சென்ட் வித்தியாசமே இருந்தால், தனக்கு எளிதான ஒப்பந்தத்தின் மீது வங்கி தாராளமாக லாபம் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த விலையில் மாத வரிசையையே வாங்கிக்கொள்ளலாம்.